முதல் சம்பளச் சீட்டை வரி வரியாகப் படிப்பது எப்படி: சிங்கப்பூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

சம்பளச் சீட்டில் உள்ள எல்லா வரிகளும் ஒரே தொகையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் குழப்பம் வருவது பெரும்பாலும் இங்கேதான். ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சிபிஎஃப் என்று நாம் சொல்லும் மத்திய சேம நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தோடு படியும் ஓவர்டைமும் சேர்கின்றன. டாக்சிக்குச் செலவழித்துத் திரும்ப வாங்கும் பணம் எந்தக் கணக்கிலும் சேராது. எந்த வரி எந்தத் தொகையின் மேல் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் உங்கள் சீட்டை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு என் அக்கா மகளின் முதல் சீட்டை எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு வயது 21, சிங்கப்பூர்க் குடிமகள். பல்துறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு, துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தாள். ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, போக்குவரத்துப் படி 110 வெள்ளி. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. 2026 ஏப்ரல் 13ஆம் தேதி சேர்ந்தாள். மாதக் கடைசியில் வங்கிக்கு வந்தது 1,412 வெள்ளி 92 காசு. "சித்தி, ஆயிரம் வெள்ளி எங்கே போச்சு?" என்று கேட்டாள். சீட்டில் இருந்தது இதுதான்:

```
Salary Period: 13 Apr - 30 Apr 2026
Basic Salary  14/22 days     1,527.27
Transport Allowance             70.00
Overtime  8 hrs x 1.5          151.05
Claims                          18.60
Employee CPF                  -349.00
SINDA                           -5.00
Net Pay                      1,412.92

Employer CPF                   298.00
SDL                              4.37
```

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தேதிகள்

தொகையைப் பார்ப்பதற்கு முன் சம்பளக் காலத்தைப் பாருங்கள். இந்தச் சீட்டில் ஏப்ரல் 13 முதல் 30 வரை. ஆயிரம் வெள்ளி எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது: இது முழு மாதச் சம்பளம் அல்ல.

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். ஓவர்டைம் தொகைக்கு மட்டும் 14 நாள் அவகாசம் உண்டு. அதனால்தான் பல நிறுவனங்களில் இந்த மாத ஓவர்டைம் அடுத்த மாதச் சீட்டில் ஏறுகிறது. அப்படி ஏறும்போது, ஓவர்டைம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த வாரத்து வேலைக்குக் காசு வந்தது, எதற்கு வரவில்லை என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

சீட்டு கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம் அல்ல. 2016 ஏப்ரல் 1 முதல் வேலைச் சட்டத்தின்கீழ் அது கட்டாயம். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது சம்பளம் கொடுத்து மூன்று வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் வரலாம், தாளில் வரலாம், கையால் எழுதியும் கொடுக்கலாம். ஆனால் விவரங்கள் எல்லாம் இருக்க வேண்டும். "எவ்வளவு வந்ததுன்னு பேங்க்ல பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

அடிப்படைச் சம்பளம்: 14/22 எங்கிருந்து வந்தது?

மாதத்தின் நடுவில் சேர்ந்தாலோ விலகினாலோ, முழுச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த வேலை நாட்களால் வகுத்து, நீங்கள் வேலை செய்த நாட்களால் பெருக்க வேண்டும். 2026 ஏப்ரலில் திங்கள் முதல் வெள்ளி வரையுள்ள நாட்களை எண்ணினால் 22 வருகிறது. 3ஆம் தேதி பெரிய வெள்ளி, பொது விடுமுறை. ஆனாலும் அது 22இல் ஒன்றாகச் சேரும். 13ஆம் தேதியிலிருந்து 30ஆம் தேதி வரை அவள் வேலை செய்தது 14 நாள்.

2,400 ÷ 22 × 14 = 1,527.27

சரி, தவறு எங்கே நடக்கும்? சில சிறிய நிறுவனங்கள் காலண்டர் நாட்களை எடுத்துக்கொண்டு 30ஆல் வகுத்துவிடுகின்றன. 13ஆம் தேதியிலிருந்து 30 வரை 18 நாள், ஆக 2,400 ÷ 30 × 18 = 1,440 வெள்ளி. கணக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இவள் விஷயத்தில் 87 வெள்ளி 27 காசு குறைந்திருக்கும். உங்கள் சீட்டில் நாட்கணக்கு போடாமல் வெறும் தொகை மட்டும் இருந்தால், இரண்டு விதமாகவும் வகுத்துப் பாருங்கள். எந்த வழியில் போட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாலும் இதே கணக்குதான். 22 வேலை நாள் உள்ள மாதத்தில் ஒரு நாள் விடுப்புக்கு 2,400 ÷ 22, அதாவது 109 வெள்ளி 9 காசு கழியும். 23 வேலை நாள் உள்ள மாதத்தில் அதே ஒரு நாளுக்கு 104 வெள்ளி 35 காசுதான். போன மாதம் ஒரு தொகை, இந்த மாதம் ஒரு தொகை என்று பிடித்தம் மாறினால் பதற வேண்டாம். முதலில் அந்த மாதத்தின் வேலை நாட்களை எண்ணுங்கள்.

படிகள்

போக்குவரத்துப் படி 110 வெள்ளிக்குப் பதில் 70 வந்திருக்கிறது. அதையும் 14/22 என்று குறைத்திருக்கிறார்கள். அரைகுறை மாதத்துக்கான சட்டபூர்வக் கணக்கில் போக்குவரத்து, உணவு, தங்குமிடப் படிகள் சேராது. அவற்றை எப்படிக் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அவளுடைய ஒப்பந்தத்தில் "வேலை செய்த நாட்களுக்கு ஏற்ப" என்று எழுதியிருந்தது, ஆகவே 70 சரி. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லாவிட்டால், எச்.ஆரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ஓவர்டைம்: யாருக்கு உண்டு, எப்படிக் கணக்கிடுவது

ஓவர்டைம் தொகையைச் சட்டப்படி எல்லோரும் கேட்க முடியாது. அலுவலக வேலை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். உடலுழைப்பு வேலை செய்வோருக்கு வரம்பு 4,500 வெள்ளி. மேலாளர், நிர்வாகி பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அக்கா மகளின் அடிப்படைச் சம்பளம் 2,400 என்பதால் அவளுக்கு உண்டு. 2,600ஐத் தாண்டியவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஒரு மணி நேரத்துக்கான தொகையை இப்படிக் கணக்கிட வேண்டும்:

(12 × மாத அடிப்படைச் சம்பளம்) ÷ (52 × 44)

ஓராண்டுச் சம்பளத்தை ஓராண்டின் வேலை நேரத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான். 12 × 2,400 = 28,800. 52 × 44 = 2,288. வகுத்தால் மணிக்கு 12 வெள்ளி 59 காசு. ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 18 வெள்ளி 88 காசு. சரக்கிருப்புக் கணக்கெடுப்பு நடந்த வாரத்தில் அவள் எட்டு மணி நேரம் கூடுதலாக இருந்தாள். 8 × 18.88 = 151 வெள்ளி 5 காசு. இடையில் காசைச் சுருக்காமல் கடைசியில் சுருக்கினால்தான் இந்த 5 காசு சரியாக வரும். நீங்கள் போடும்போது ஒன்றிரண்டு காசு வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. இந்தக் கணக்கில் 2,400தான் வருகிறது, 2,510 அல்ல. படி இதில் சேராது. அரை மாதம்தான் வேலை செய்தாள் என்பதற்காக 1,527.27ஐ வைத்தும் கணக்கிடக் கூடாது. ஒப்பந்தத்தில் உள்ள முழு மாத அடிப்படைச் சம்பளம்தான் அடித்தளம். 2,400ஐ 30 நாளால் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, மணிக்குப் பத்து வெள்ளி என்று போடும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு 120 வெள்ளிதான் வரும். 31 வெள்ளி போய்விடும். மாதாமாதம் ஓவர்டைம் பார்ப்பவருக்கு ஆண்டு முடிவில் இது பெரிய தொகை.

எத்தனை மணி நேரம் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும், தொகை மட்டும் போதாது. உங்கள் கைப்பேசியில் தினமும் வந்த நேரம், போன நேரத்தைக் குறித்து வையுங்கள். சீட்டில் ஆறு மணி நேரம் என்று இருந்து, நீங்கள் எட்டு என்று சொன்னால், அந்தக் குறிப்புதான் உங்களுக்காகப் பேசும்.

திரும்பக் கிடைக்கும் செலவு

கணக்கெடுப்பு அன்று இரவு நேரமாகிவிட்டதால் டாக்சியில் வந்தாள். ரசீதைக் கொடுத்து 18 வெள்ளி 60 காசு திரும்ப வாங்கினாள். இது சம்பளம் அல்ல. அவள் தன் பையிலிருந்து நிறுவனத்துக்காகச் செலவழித்த பணம். அதனால் இதன் மேல் சிபிஎஃப் பிடிக்கக் கூடாது. மேலே உள்ள போக்குவரத்துப் படியோ மாதாமாதம் நிலையாக வருவது. அதன் மேல் சிபிஎஃப் உண்டு. இரண்டும் பயணச் செலவு போலத்தான் தெரியும், ஆனால் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

சிபிஎஃப்: சீட்டில் மிகப் பெரிய பிடித்தம்

55 வயது வரை உள்ள குடிமக்களுக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 17 விழுக்காடு, மொத்தம் 37. நிரந்தரவாசிகளுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து இதே விகிதம். முதல் இரண்டு ஆண்டுகளில் குறைவு: முதலாம் ஆண்டில் ஊழியர் 5, நிறுவனம் 4, இரண்டாம் ஆண்டில் 15, 9. நிறுவனமும் ஊழியரும் சேர்ந்து விண்ணப்பித்தால் முன்கூட்டியே கூடுதல் விகிதத்துக்கு மாறலாம். மாதச் சம்பளம் 750 வெள்ளிக்குக் குறைவான பகுதிநேர வேலைகளுக்கு ஊழியர் பங்கு குறையும், 500 வரை ஊழியர் பங்கே கிடையாது. அந்த நிலையில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எதன் மேல் கணக்கு? அடிப்படைச் சம்பளம் 1,527.27, போக்குவரத்துப் படி 70, ஓவர்டைம் 151.05. கூட்டினால் 1,748 வெள்ளி 32 காசு. டாக்சிப் பணம் இதில் இல்லை.

முதலில் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். 1,748.32இல் 37 விழுக்காடு 646.88. இதை அருகிலுள்ள முழு வெள்ளிக்கு மாற்றினால் 647. அடுத்து ஊழியர் பங்கு: 20 விழுக்காடு 349.66, இதில் காசை அப்படியே விட்டுவிட வேண்டும், ஆக 349. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் நிறுவனத்தின் பங்கு: 647 − 349 = 298.

நேரடியாக 17 விழுக்காடு போட்டால் 297.21தான் வரும். சீட்டில் 298 இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். சுருக்கும் விதியே அப்படி: ஊழியரிடம் பிடிக்கும் காசு கீழ்நோக்கிச் சுருங்கும், மிச்சத்தை நிறுவனம் ஏற்கும். உங்கள் சீட்டில் ஊழியர் பங்கு காசோடு இருந்தாலோ, மேல்நோக்கிச் சுருக்கி 350 என்று இருந்தாலோ, அதைக் கேட்க வேண்டும்.

உயர்ந்த சம்பளம் வாங்குவோருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 8,000 வெள்ளி வரை உள்ள மாதச் சம்பளத்துக்குத்தான் சிபிஎஃப். போனஸ் கிடைத்தால் அதற்கும் சிபிஎஃப் உண்டு, அதற்கு ஆண்டுக் கணக்கில் தனி வரம்பு இருக்கிறது. முதல் வேலையில் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டு வரம்புகளும் குறுக்கே வராது.

சிபிஎஃப் விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது ஒன்று உண்டு. சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சிபிஎஃப் போட்டு, படியையும் ஓவர்டைமையும் விட்டுவிடுகிறார்கள். இவள் சீட்டை அப்படிப் போட்டால் ஊழியர் பங்கு 305 ஆகக் குறையும். கையில் 44 வெள்ளி கூடுதலாக வரும். அதைப் பார்த்து யாரும் புகார் செய்ய மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள். ஆனால் நிறுவனத்தின் பங்கும் 298இலிருந்து 260க்கு இறங்கிவிடும். அந்த 38 வெள்ளி உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது, உங்கள் சம்பளத்திலிருந்து எடுப்பதும் அல்ல. கையில் கூடுதலாக வருகிறது என்று பேசாமல் இருந்துவிட்டால், மாதாமாதம் அதை இழந்துகொண்டே இருப்பீர்கள்.

பிடித்த 349 எங்கேயும் போய்விடவில்லை. நிறுவனத்தின் 298உம் சேர்ந்து 647 வெள்ளி அவள் பெயரில் மூன்று கணக்குகளில் ஏறுகிறது. 35 வயது வரை உள்ளவர்களுக்குச் சாதாரணக் கணக்கில்தான் பெரும்பகுதி: சுமார் 402 வெள்ளி. சிறப்புக் கணக்கில் சுமார் 105, மெடிசேவில் சுமார் 140. பின்னாளில் வீவக வீடு வாங்கும்போது கை கொடுப்பது அந்தச் சாதாரணக் கணக்கு. ஆயிரம் வெள்ளியைக் காணோம் என்று கேட்டவளுக்கு இதைத் திறந்து காட்டியபோதுதான் முகம் மலர்ந்தது.

சிண்டா

அடுத்த பிடித்தம் 5 வெள்ளி. இந்திய சமூகத்தினருக்கான சுய உதவி அமைப்பு சிண்டா. குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் என இந்திய வம்சாவளி ஊழியர்களின் சம்பளத்திலிருந்து இது பிடிக்கப்படுகிறது. துணைப்பாட வகுப்புகள், குடும்பங்களுக்கான உதவி போன்றவற்றுக்கு இந்தப் பணம் போகிறது. முஸ்லிம் ஊழியர்களின் சீட்டில் `MBMF` என்ற வரி வரும்.

சிண்டா விழுக்காட்டுக் கணக்கு அல்ல, படிநிலைக் கணக்கு. 1,500க்கு மேல் 2,500 வெள்ளி வரை சம்பளத்துக்கு 5 வெள்ளி; 2,500க்கு மேல் 4,500 வரை 7 வெள்ளி. இங்கேயும் படியும் ஓவர்டைமும் சேர்ந்த மொத்தச் சம்பளம்தான் கணக்கு. அதனால் முழு மாதம் வேலை செய்யும்போது 2,400 + 110 = 2,510 ஆகி, பிடித்தம் 7 வெள்ளிக்கு ஏறும். பங்களிக்க வேண்டாம் என்றோ தொகையை மாற்ற வேண்டும் என்றோ நினைத்தால், அதற்குச் சிண்டாவிடம் படிவம் இருக்கிறது. நான் அவளிடம் விட்டுவிடாதே என்றுதான் சொன்னேன். அவளே சிறுவயதில் சிண்டா வகுப்புக்குப் போனவள்.

நிகரச் சம்பளம், அடுத்த மாதம் எவ்வளவு வரும்?

1,748.32 + 18.60 − 349 − 5 = 1,412.92. வங்கியில் வந்த தொகையும் இதுவும் காசு பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓவர்டைம் இல்லாத முழு மாதம் எப்படி இருக்கும் என்று இப்போதே போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 2,510, சிபிஎஃப் 502, சிண்டா 7. கையில் 2,001 வெள்ளி. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது, கைப்பேசிக் கட்டணம், கல்விக் கடன் எல்லாவற்றையும் இந்தத் தொகையை வைத்துத் திட்டமிட வேண்டும், 2,400ஐ வைத்து அல்ல. அதே மாதத்தில் நிறுவனம் சிபிஎஃப் கணக்கில் தன் பங்காக 427 வெள்ளி போடும்.

கோட்டுக்குக் கீழே உள்ள வரிகள்

நிகரச் சம்பளத்துக்குக் கீழே `Employer CPF`, `SDL` என்று இரண்டு வரிகள். இவை தகவலுக்காகக் காட்டப்படுபவை. உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு காசுகூட இதற்குக் கழியக் கூடாது. சில நிறுவனங்கள் இவற்றைச் சீட்டில் போடுவதே இல்லை. அதில் தவறும் இல்லை.

`SDL` என்பது திறன் மேம்பாட்டுத் தீர்வை. ஊழியர் சம்பளத்தின் முதல் 4,500 வெள்ளியில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. 1,748.32க்கு 4 வெள்ளி 37 காசு. வெளிநாட்டு ஊழியர் உட்பட எல்லோருக்கும் நிறுவனம் இதைக் கட்டுகிறது.

இந்த இரண்டும் பிடித்தங்களின் பக்கத்துக்கு வந்துவிட்டால் அது சட்டமீறல். ஒளிந்திருக்கும் விதம் ஒன்று உண்டு: "உன் பேக்கேஜ் 2,800, அதில் நிறுவனத்தின் சிபிஎஃப்பும் அடக்கம்" என்று வாய்மொழியாகச் சொல்லிச் சேர்ப்பார்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ, சீட்டின் முதல் வரியில் அந்தத் தொகை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் 2,800 என்றிருந்து, சீட்டில் அதிலிருந்து 17 விழுக்காட்டைக் கழித்திருந்தால், நிறுவனம் தன் பங்கை உங்கள் பையிலிருந்து கட்டுகிறது என்று அர்த்தம்.

வருமான வரி வரி எங்கே?

தேட வேண்டாம், இருக்காது. சிங்கப்பூரில் மாதச் சம்பளத்திலிருந்து வருமான வரி பிடிப்பதில்லை. இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைப் பார்த்து, நிறுவனம் வரியைக் கட்டிவிட்டது என்று எண்ணிக்கொள்வது உண்டு. 2026இல் சம்பாதித்ததற்கு 2027இல் கணக்குக் கொடுத்து, அதன் பிறகு வரும் நோட்டீஸின்படி நாமே கட்ட வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை; ஊழியர் சிபிஎஃப் பங்குக்கும் கழிவு உண்டு. அக்கா மகள் ஏப்ரலில் சேர்ந்ததால், அந்த ஆண்டுச் சம்பளத்துக்கு அவளுக்கு வரியே வராது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சம்பளம் கூடும்போது கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும்.

சீட்டில் உள்ளது உண்மையா என்று பார்ப்பது

சீட்டில் 647 என்று எழுதியிருப்பதாலேயே அது கட்டப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் மாதத்துக்கான சிபிஎஃப்பை நிறுவனம் மே 14க்குள் செலுத்திவிட வேண்டும். அதன் பிறகு ஓரிரு நாள் விட்டு, சிங்பாஸ் மூலம் சிபிஎஃப் இணையத்தளத்துக்குள் போங்கள். ஏப்ரலுக்கு எவ்வளவு வந்திருக்கிறது, எந்த நிறுவனத்திடமிருந்து என்று காட்டும். 647 இருக்க வேண்டும். 565 இருந்தால், அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால், பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கிறார்கள். அது கடுமையான குற்றம். முதல் மூன்று மாதமாவது இதை விடாமல் பாருங்கள்.

மற்ற பிடித்தங்கள்

வேறு ஏதாவது கழிவு இருந்தால், எதற்காக என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். `Others` என்று மட்டும் போட்டு 80 வெள்ளி கழித்தால் விளக்கம் கேளுங்கள். பொருள் தொலைந்தது, உடைந்தது என்று பிடிப்பதானால், முதலில் உங்கள் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகவும் கூடாது. தங்குமிடத்துக்கான பிடித்தத்துக்கும் அதே கால் பங்குதான் வரம்பு. வேலைக்கு வராத நாட்கள், முன்பணம், கடன் போன்றவை நீங்கலாக எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருக்கும் தம்பிகளுக்குச் சிபிஎஃப் கிடையாது, ஆகவே அந்த வரி அவர்கள் சீட்டில் இருக்கவே கூடாது. உங்களுக்காக நிறுவனம் அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியையும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்க முடியாது. வருவதற்கு முன் கையில் கொடுத்த ஐபிஏ கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றும் எழுதியிருக்கும். மாதாமாதம் சீட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

தவறு இருந்தால்

முதலில் எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "சம்பளம் குறைவா இருக்கு" என்று எழுதினால் பதில் இழுக்கும். "ஏப்ரல் சீட்டில் ஓவர்டைம் 8 மணி நேரத்துக்கு 120 வெள்ளி என்று உள்ளது, 12 × 2,400 ÷ 2,288 × 1.5 × 8 என்று கணக்கிட்டால் 151.05 வருகிறது, சரிபார்க்க முடியுமா?" என்று வரியையும் கணக்கையும் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பிழைகள் சம்பள மென்பொருளில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியதால் வருபவை. அடுத்த மாதமே நிலுவையோடு வந்துவிடும்.

அப்படியும் சரியாகாவிட்டால், சிபிஎஃப் குறைவு என்றால் சிபிஎஃப் கழகத்திடமும், சம்பளம், ஓவர்டைம், பிடித்தம் சார்ந்தது என்றால் `TADM` என்ற முத்தரப்பு அமைப்பிடமும் புகார் செய்யலாம். இரண்டுக்கும் இணையத்திலேயே வழி இருக்கிறது. சம்பளக் கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு: வேலையில் இருந்தால் பிரச்சினை நடந்ததிலிருந்து ஓராண்டு, விலகிவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம். நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ உள்தளத்திலோ மட்டும் சீட்டு வருகிறது என்றால், விலகும் நாளோடு அந்தக் கணக்கும் மூடப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சீட்டையும் வந்த அன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ சேமித்துவிடுங்கள், ஒப்பந்தத்தின் பிரதியோடு சேர்த்து.